ஆபரேஷனுக்கு முன் நீட்டப்படும் அந்த ஃபார்ம்: கையெழுத்துப் போடும்போது எதற்கெல்லாம் ‘சரி’ சொல்கிறோம்?

கடந்த வருடம் பெங்களூருவில் என் அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். மறுநாள் காலை 8 மணிக்கு தியேட்டர். முந்தின நாள் இரவு 9.40க்கு நர்ஸ் ஒருவர் ஆறு பக்க ஃபார்மோடு ரூமுக்கு வந்தார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அக்காவைத் தாண்டிப் போய், மாமாவிடம் பேனாவை நீட்டினார். “இங்க, இங்க, அப்புறம் கடைசிப் பக்கம். சைன் மட்டும் போதும் சார்.”

அக்காவுக்கு 34 வயது. ஒரு நிறுவனத்தில் 12 பேர் கொண்ட டீமை நடத்துபவர். வாடகை ஒப்பந்தத்தையே மூன்று தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். தன் வயிற்றில் நடக்கப்போகிற ஆபரேஷனுக்கான தாள் மட்டும் அவர் கைக்கு வராமலே போகப் பார்த்தது.

அன்றைக்கு ராத்திரி நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து அந்த ஆறு பக்கத்தையும் படித்தோம். புரியாததைக் குறித்து வைத்து, காலையில் சர்ஜனிடம் கேட்டோம். அந்த ஃபார்மை மேலிருந்து கீழே அதே வரிசையில் இங்கே பார்க்கலாம். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது பித்தப்பையை லேப்ராஸ்கோபி மூலம் அகற்றும் ஆபரேஷன். இந்தியாவில் முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்களும் அடிக்கடி செய்துகொள்ளும் ஆபரேஷன்களில் இதுவும் ஒன்று.

முதலில், இந்த ஃபார்ம் என்ன? என்ன இல்லை?

நிறைய பேர் இதை ‘எது நடந்தாலும் ஆஸ்பத்திரி பொறுப்பில்லை’ என்று எழுதிக் கொடுக்கும் தாள் என்றே நினைக்கிறோம். அது தப்பு. ஒப்புதல் படிவம் இரண்டு விஷயங்களை மட்டும்தான் பதிவு செய்கிறது. ஒன்று, இந்த ஆபரேஷனைப் பற்றி உங்களுக்கு விளக்கினார்கள் என்பது. இரண்டு, அதைக் கேட்டுவிட்டு நீங்கள் சம்மதித்தீர்கள் என்பது.

ஆபரேஷனில் இருக்கிற இயல்பான ஆபத்தை ஏற்றுக்கொள்வது வேறு, டாக்டரின் கவனக்குறைவை ஏற்றுக்கொள்வது வேறு. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்கும். அதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போடுகிறோம். வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்துவிட்டால் அது வேறு கதை. எந்த ஃபார்மில் என்ன எழுதியிருந்தாலும், அந்த மாதிரி கவனக்குறைவுக்கு எதிராக வழக்குப் போடும் உரிமை உங்களிடமே இருக்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு தரப்படும் மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது.

கையெழுத்து இருந்தாலே ஒப்புதல் செல்லும் என்றும் சொல்ல முடியாது. செல்லுபடியாக மூன்று விஷயம் வேண்டும். முடிவெடுக்கும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும், கட்டாயம் இல்லாமல் சம்மதிக்க வேண்டும், போதுமான தகவல் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். அதனால்தான் தூக்க மருந்து கொடுத்த பிறகு வாங்கும் கையெழுத்து பிரச்னைக்குரியது. விளக்கமே இல்லாமல் வாங்கும் கையெழுத்தும் அப்படித்தான்.

மேல் வரி: எந்த ஆபரேஷன், யார் செய்கிறார்?

ஃபார்மின் தொடக்கத்தில் பெயர், வயது, ஐ.பி. எண், பிறகு ஆபரேஷனின் பெயர் இருக்கும். பெரும்பாலும் எல்லாம் அச்சடித்திருக்கும், ஆபரேஷன் பெயருக்கு மட்டும் கோடு விட்டிருக்கும். அக்காவின் ஃபார்மில் அந்தக் கோடு காலியாக இருந்தது. காலியான கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போடுவது, தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போடுவது மாதிரிதான். முதலில் நிரப்பச் சொல்லுங்கள், பிறகு படியுங்கள்.

நிரப்பும்போது சுருக்கெழுத்தில் ‘லேப் கோலி’ என்று எழுதுவார்கள். அதன் பொருள் இதுதான்: தொப்புள் பக்கத்தில் ஒரு துளை, மேல்வயிற்றில் இன்னும் இரண்டு மூன்று துளைகள். கரியமில வாயுவை உள்ளே செலுத்தி வயிற்றை உப்ப வைத்து, கேமராவில் பார்த்துக்கொண்டே பித்தப்பையை முழுசாக எடுத்துவிடுவார்கள். ‘முழுசாக’ என்பதைக் கவனியுங்கள். கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தே ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் உண்டு. எங்கள் மாமாவும் அன்றைக்கு ராத்திரி வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பையை விட்டுவைத்தால் மறுபடி கல் உருவாகும், அதனால்தான் பையோடு எடுக்கிறார்கள். பித்தநீர் கல்லீரலில் உருவாகிறது. பை அதைச் சேமித்து வைக்கும் இடம் மட்டும்தான், அதனால் பை இல்லாமலும் சாப்பாடு செரிக்கும்.

அடுத்தது சர்ஜனின் பெயர். பல ஃபார்ம்களில் ‘டாக்டர் இன்னார் மற்றும் அவரது குழுவினர்’ என்று இருக்கும். குழு இல்லாமல் ஆபரேஷன் நடக்காது, அதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் பார்த்துப் பேசி நம்பிய டாக்டர்தான் முக்கியமான கட்டத்தைச் செய்யப்போகிறாரா, அல்லது அவர் மேற்பார்வையில் பயிற்சி டாக்டர் செய்வாரா என்று கேட்கலாம். இது மரியாதைக்குறைவான கேள்வி கிடையாது.

ரிஸ்க் பட்டியல்: 1,000 பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்

இரண்டாம் பக்கத்தில்தான் பயமே ஆரம்பிக்கும். ரத்தப்போக்கு, தொற்று, பித்தநீர்க் கசிவு, பித்தநாளக் காயம், குடல் காயம், ரத்தக்கட்டி, திறந்த ஆபரேஷனுக்கு மாறுதல், இறப்பு. எல்லாம் ஒரே எழுத்து அளவில், ஒரே வரிசையில். அடிக்கடி வந்து சீக்கிரம் சரியாகிற ஒன்றும், மிக அரிதாக வந்து வாழ்க்கையைப் புரட்டிப்போடுகிற ஒன்றும் பக்கத்து பக்கத்தில் நிற்கும். படிப்பவருக்கு எல்லாமே ஒரே அளவு ஆபத்தாகத் தெரியும்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இதே ஆபரேஷனைத் திட்டமிட்டுச் செய்துகொள்ளும் 1,000 பேரைக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு ரிஸ்க்கும் அவர்களில் எத்தனை பேருக்கு வரும், வந்தால் என்ன ஆகும் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

தோள்பட்டை வலி நிறைய பேருக்கு வரும். உள்ளே செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருகிற வலி அது. ஓரிரு நாளில் போய்விடும். துளை போட்ட இடத்தில் தொற்று சிலருக்கு வரும், மருந்தில் சரியாகும்.

பித்தநீர்க் கசிவு 1,000 பேரில் ஏறக்குறைய 10 பேருக்கு வரலாம். பெரும்பாலும் பித்தப்பையை வெட்டிய இடத்தில் போட்ட கிளிப் பக்கத்திலிருந்தோ, கல்லீரலோடு ஒட்டியிருந்த பரப்பிலிருந்தோ கசியும். சிலருக்குக் குழாய் வைத்து வடிய விட்டால் போதும். சிலருக்கு வாய் வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்திப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைக்க வேண்டி வரும். கூடுதல் நாட்கள், கூடுதல் செலவு. ஆனால் சரி செய்யக்கூடியது.

எண்ணிக்கையில் ரொம்பக் குறைவாக, ஆனால் விளைவில் ரொம்பப் பெரிதாக இருப்பது பித்தநாளக் காயம். 1,000 பேரில் சுமார் 2 முதல் 5 பேர். இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் ஃபார்மின் மற்ற வரிகளும் புரியும். பித்தப்பையிலிருந்து ஒரு சின்ன நாளம் கிளம்பி, கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய பொது நாளத்தில் சேர்கிறது. சர்ஜன் வெட்ட வேண்டியது சின்னதை. பித்தப்பை பலமுறை அழற்சியாகி, சுற்றியுள்ள திசுவெல்லாம் ஒட்டிப் போயிருந்தால், பெரிய நாளமே சின்னது மாதிரி தோற்றம் தரும். அதைத் தவறாக வெட்டிவிட்டால், கல்லீரலின் பித்தநீர் குடலுக்குப் போகும் பாதையே அறுந்துவிடும். அதைச் சரிசெய்ய இன்னொரு பெரிய ஆபரேஷன் தேவைப்படலாம், வருடக்கணக்கில் கண்காணிப்பும் தேவைப்படலாம்.

இதைத் தவிர்க்க சர்ஜன்கள் ஒரு விதியைப் பின்பற்றுகிறார்கள். எதையும் வெட்டுவதற்கு முன், சுற்றியுள்ள கொழுப்பையும் நாரையும் விலக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து கொஞ்சம் பிரித்து, பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள்தான் போகின்றன என்று கண்ணால் உறுதி செய்ய வேண்டும். ஒன்று நாளம், மற்றது ரத்தக்குழாய். அந்தக் காட்சி தெளிவாகக் கிடைக்கவில்லை என்றால் வெட்டக்கூடாது. திட்டத்தை மாற்ற வேண்டும்.

அப்போ ‘திறந்த ஆபரேஷனுக்கு மாறுதல்’ என்ற வரி என்ன சொல்கிறது? அது ஆபரேஷன் தோற்றதைச் சொல்லவில்லை. துளை வழியாகப் பார்த்துப் பாதுகாப்பாகச் செய்ய முடியவில்லை என்றால், விலா எலும்புக்குக் கீழே கீறல் போட்டுச் செய்வார்கள். நூற்றில் சிலருக்கு இது நடக்கும். அப்படி நடந்தால் ஆஸ்பத்திரியில் கூடுதலாகச் சில நாட்கள், வேலைக்குத் திரும்ப ஓரிரு வாரத்துக்குப் பதில் நாலு முதல் ஆறு வாரம் என்று கணக்கு மாறும். லீவுக்கு எழுதிக் கொடுப்பவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. சில சமயம் பையை முழுசாக எடுக்காமல், ஆபத்தான அடிப்பகுதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுப்பார்கள். அதுவும் பித்தநாளத்தைக் காப்பாற்றும் முடிவுதான்.

இறப்பு என்ற வார்த்தையும் பட்டியலில் இருக்கும். திட்டமிட்ட ஆபரேஷனில், வேறு பெரிய நோய் இல்லாதவர்களுக்கு இது 1,000-ல் ஒன்று அல்லது அதற்கும் கீழே. பூஜ்யம் கிடையாது.

சராசரி எண் உங்கள் எண் இல்லை

மேலே சொன்னதெல்லாம் பெரிய கூட்டத்தின் சராசரி. உங்கள் ரிஸ்க் அதிலிருந்து மேலேயோ கீழேயோ நகரும். சமீபத்தில் பித்தப்பை அழற்சி வந்திருந்தால், மேல்வயிற்றில் முன்பே ஆபரேஷன் நடந்திருந்தால், வயது அதிகமாக இருந்தால், உடல் பருமன் இருந்தால், ஆணாக இருந்தால், திறந்த ஆபரேஷனுக்கு மாறும் வாய்ப்பு கூடும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் தொற்று வாய்ப்பு கூடும்.

அக்காவுக்கு ஆறு வாரம் முன்புதான் காய்ச்சலோடு ஒரு அழற்சி வந்து மருந்தில் அடங்கியிருந்தது. அதனால் காலையில் நாங்கள் கேட்ட முதல் கேள்வி: “ஃபார்ம்ல ‘சிலருக்கு’ன்னு போட்டிருக்கு. இவங்களுக்கு எவ்வளவு, டாக்டர்?” சர்ஜன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பொதுவா நான் பண்றதுல 30-ல ஒண்ணு ஓபன் பண்ண வேண்டி வரும். இவங்களுக்கு ஒட்டியிருக்க வாய்ப்பு இருக்கு. 10-ல ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க.” மூன்றே வாக்கியம். ஆறு பக்கத்தில் இல்லாத தகவல் அதில்தான் இருந்தது.

மாற்று வழி: ‘எதுவும் செய்யாமல் இருப்பது’ம் ஒன்று

பல ஃபார்ம்களில் ‘மாற்று சிகிச்சை முறைகள் எனக்கு விளக்கப்பட்டன’ என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். அவை என்னென்ன என்று மட்டும் எழுதியிருக்காது. அந்த வரியில் கையெழுத்துப் போடும் முன் அவற்றை வாயால் சொல்லிக் கேட்க வேண்டும்.

பித்தப்பைக் கல்லுக்கு முதல் மாற்று, ஆபரேஷனே செய்யாமல் இருப்பது. இது எல்லாருக்கும் தப்பான வழி கிடையாது. மாஸ்டர் ஹெல்த் செக்-அப் ஸ்கேனில் எதேச்சையாகக் கல் தெரிந்து, ஒரு தடவைகூட வலி வராதவர்களில் பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் தேவையில்லை. அவர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு 1 முதல் 4 பேருக்குத்தான் தொந்தரவு தொடங்குகிறது. கல் ரொம்பப் பெரிதாக இருப்பது, பையின் சுவர் சுண்ணாம்பாகி இறுகியிருப்பது மாதிரி சில நிலைகள் இதற்கு விதிவிலக்கு. வலி வர ஆரம்பித்துவிட்டால் கணக்கு மாறிவிடும். மறுபடி வலி வரும் வாய்ப்பு அதிகம். கல் நகர்ந்து பொது நாளத்தை அடைத்தால் மஞ்சள்காமாலையும் கணைய அழற்சியும் வரலாம். கணைய அழற்சி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆக, ஆபரேஷனின் ரிஸ்க்கை, ‘செய்யாமல் விட்டால் வரும் ரிஸ்க்’ பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கல்லைக் கரைக்கும் மாத்திரை. அர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்ற மருந்து உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் சின்ன கொழுப்புக் கற்களில்தான் வேலை செய்யும், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், கரைந்தாலும் ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி கல் வரும். அக்காவுக்கு நிறைய கற்கள், பெரியது 14 மில்லிமீட்டர். அவருக்கு இது பொருந்தாது.

மூன்றாவது, ஆரம்பத்திலேயே திறந்த ஆபரேஷன். நான்காவது, தள்ளிப்போடுவது. அக்காவுக்கு இரண்டு மாதத்தில் ஒரு வெளிநாட்டுப் பயணம் இருந்தது. “போயிட்டு வந்து பண்ணிக்கலாமா?” என்று கேட்டார். “பண்ணலாம். ஆனா ஒருமுறை அழற்சி வந்தாச்சு. அங்க போய் மறுபடி வந்தா எமர்ஜென்சியா பண்ணணும், அப்ப ரிஸ்க்கும் கூட, செலவும் கூட” என்றார் டாக்டர். அக்கா இப்போதே செய்துகொள்ள முடிவெடுத்தார். அதே நிலையில் வேறொருவர் வேறு முடிவு எடுத்திருக்கலாம். அது அவர்கள் உரிமை.

‘தேவைப்பட்டால் வேறு சிகிச்சையும் செய்யலாம்’: ஃபார்மிலேயே கனமான வரி

ஏறக்குறைய எல்லா ஃபார்மிலும் இருக்கும் வரி இது: ‘ஆபரேஷனின்போது தேவை என்று மருத்துவர் கருதும் கூடுதலான அல்லது மாற்றுச் சிகிச்சை எதையும் செய்ய சம்மதிக்கிறேன்.’ படித்தால் எல்லாவற்றுக்கும் திறந்த அனுமதி மாதிரி தெரியும். சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் ஒரு வழக்கு.

1995 மே மாதம், டெல்லியில் 44 வயதான, திருமணமாகாத ஒரு பெண் நிற்காத மாதவிடாய் ரத்தப்போக்குக்காக ஒரு கிளினிக்குக்குப் போனார். லேப்ராஸ்கோபி மூலம் உள்ளே பார்த்துக் காரணத்தைக் கண்டறிவதற்கு அவர் கையெழுத்துப் போட்டார். வயிற்றைத் திறக்க நேரலாம் என்றும் ஃபார்மில் இருந்தது. அவர் மயக்கத்தில் இருக்கும்போதே உதவி டாக்டர் வெளியே வந்து, காத்திருந்த அவரது அம்மாவிடம் இன்னொரு ஒப்புதலில் கையெழுத்து வாங்கினார். கண் விழித்தபோது அந்தப் பெண்ணின் கருப்பையும் இரண்டு சினைப்பைகளும் அகற்றப்பட்டிருந்தன.

சமீரா கோஹ்லி வழக்கு என்று அறியப்படும் அதில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. நோயைக் கண்டறியக் கொடுத்த சம்மதத்தை, உறுப்பை அகற்றுவதற்கான சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. நோயாளி முடிவெடுக்கும் திறன் உள்ள வயதுவந்தவர், தற்காலிக மயக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். அவர் விழிக்கும் வரை காத்திருந்து கேட்டிருக்கலாம், அம்மாவின் கையெழுத்து செல்லாது. கூடுதல் சிகிச்சை நோயாளிக்கு நல்லது, மறுபடி ஒரு ஆபரேஷனை மிச்சப்படுத்தும் என்பதெல்லாம் போதுமான காரணம் ஆகாது. உயிரைக் காப்பாற்றவோ உடல்நலத்தைக் காக்கவோ உடனே செய்தே ஆக வேண்டும், சம்மதம் வாங்கும் வரை தள்ளிப்போடுவது நியாயமாக இருக்காது என்ற நிலையில் மட்டும்தான் விதிவிலக்கு. அந்த டாக்டர் நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், ஆபரேஷன் கட்டணத்தைப் பெற அவருக்கு உரிமை இல்லை என்றும், 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நம் பித்தப்பை ஃபார்முக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். உள்ளே பெரிய ரத்தக்குழாய் ஒன்றில் ரத்தம் கொட்டினால், சர்ஜன் உடனே வயிற்றைத் திறக்கலாம். யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஒட்டியிருப்பதால் திறந்த ஆபரேஷனுக்கு மாறுவது முன்பே எதிர்பார்த்த விஷயம், அதைத் தனியாகச் சொல்லிச் சம்மதம் வாங்கியிருப்பார்கள். ஆனால் கேமராவில் சினைப்பையில் அவசரமில்லாத ஒரு கட்டி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘எப்படியும் உள்ளே வந்தாச்சு’ என்று அந்தச் சினைப்பையையும் எடுத்துவிட அந்தப் பொதுவான வரி இடம் கொடுக்காது. படம் எடுத்து வைத்துக்கொண்டு, விழித்த பிறகு சொல்ல வேண்டும்.

அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டியது: “உள்ளே போன பிறகு திட்டம் மாற வாய்ப்பு இருக்கிற விஷயங்கள் என்னென்ன?” அவர் சொல்லும் ஒவ்வொன்றையும் அந்த வரிக்குப் பக்கத்தில் கையால் எழுதச் சொல்லலாம். உங்களுக்கு வேண்டாதது ஏதாவது இருந்தால் அதையும் எழுதலாம். அச்சடித்த வரியை அடித்துவிட்டு, இரு தரப்பும் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதும் நடக்கிற காரியம்தான்.

டாக்டர் எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டுமா?

இந்தியாவில், இல்லை. இதுவும் அதே தீர்ப்பில் இருக்கிறது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள், மறுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும். ரொம்ப அரிதான ஆபத்துகளைச் சொல்லி நோயாளியைப் பயமுறுத்தத் தேவையில்லை. எவ்வளவு சொன்னால் போதும் என்பதற்கு, அந்தத் துறை டாக்டர்கள் பொதுவாக ஏற்கும் நடைமுறையே அளவுகோல். பிரிட்டனில் 2015-ல் வந்த மாண்ட்காமரி தீர்ப்பு வேறு மாதிரி. அந்த நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவர் எதை முக்கியமாக நினைப்பாரோ அதைச் சொல்ல வேண்டும் என்றது அது.

இந்த வித்தியாசம் உங்களைப் பாதிக்கும். நீங்கள் ஒரு பாடகர் என்றால், மயக்க மருந்துக்காகத் தொண்டையில் போடும் குழாயால் குரல் பாதிக்குமா என்பது உங்களுக்கு முதல் கேள்வி. ஃபார்மில் அது கடைசி வரியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உங்கள் தொழில், கர்ப்பம் தரிக்கும் திட்டம், வீட்டில் கைக்குழந்தை இருப்பது இதெல்லாம் டாக்டருக்குத் தானாகத் தெரியாது. நீங்கள்தான் சொல்லிக் கேட்க வேண்டும்.

யார் கையெழுத்துப் போட வேண்டும்?

சுயநினைவோடு இருக்கிற, 18 வயது நிறைந்த நோயாளி தானே போட வேண்டும். கணவர், மனைவி, அப்பா, அண்ணன் யாரும் அவருக்குப் பதிலாகப் போட முடியாது. உறவினர் சாட்சியாகப் போடலாம். மைனர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர். 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, குழந்தைப்பேறு இல்லாமல் போகக்கூடிய ஆபரேஷனுக்குக் கணவன், மனைவி இருவரின் ஒப்புதலும் கேட்கப்படும். பித்தப்பைக்கு அது பொருந்தாது. அன்றைக்கு மாமா பேனாவை அக்காவிடம் கொடுத்துவிட்டு, “வயிறு அவங்களோடது சிஸ்டர்” என்றார். நர்ஸும் சிரித்துவிட்டார்.

வெளி மாநிலத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மொழி இன்னொரு சிக்கல். ஊரிலிருந்து அம்மாவைக் கூட்டி வந்து ஹைதராபாத்திலோ புனேவிலோ ஆபரேஷன் செய்கிறோம் என்றால், ஃபார்ம் ஆங்கிலத்திலும் அந்த மாநில மொழியிலும் இருக்கும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது என்.ஏ.பி.எச். அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகளுக்கான நிபந்தனைகளில் ஒன்று. நீங்கள் மொழிபெயர்த்துச் சொன்னால், மொழிபெயர்த்தவர் என்று உங்கள் பெயரையும் அதில் எழுதச் சொல்லுங்கள். அம்மா பயப்படுவார் என்று பாதியை விழுங்கிவிட்டுச் சொன்னால், அவர் சம்மதிப்பது அந்தப் பாதிக்கு மட்டும்தான்.

கட்டோடு சேர்ந்து வேறு தாள்களும் வரும். மயக்க மருந்துக்குத் தனி ஒப்புதல், அதை மயக்கவியல் டாக்டரிடம் பேசிவிட்டுப் போட வேண்டும். ரத்தம் ஏற்றத் தனி ஒப்புதல். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் 2017-ம் வருடச் சட்டப்படி விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். வீடியோ எடுக்கவோ பாடத்துக்குப் பயன்படுத்தவோ ஒரு தாள் இருந்தால், அதை மறுத்தாலும் உங்கள் ஆபரேஷன் நிற்கக்கூடாது.

கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால்?

மயக்கம் கொடுக்கும் வரை எப்போது வேண்டுமானாலும் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், அதுவரை ஆன செலவைக் கட்ட வேண்டியிருக்கும். கையெழுத்து உங்களைக் கட்டிப்போடாது. மருத்துவ ஆவணங்களின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 விதிகள் சொல்கின்றன. ஒப்புதல் ஃபார்மும் அதில் அடக்கம். கையெழுத்துப் போட்டதும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் சுலபம்.

இரவு 9.40க்கு ஃபார்ம் வருவதே பிரச்னையின் பாதி. ஆபரேஷன் தேதி குறிக்கும் அன்றே, ஓ.பி.யிலேயே ஃபார்மைக் கேட்டு வாங்கிக்கொண்டால், வீட்டில் படிக்க நேரம் கிடைக்கும். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும் நேரம் கிடைக்கும். அவசர ஆபரேஷனில் இந்த வசதி இருக்காது. திட்டமிட்ட ஆபரேஷனில் இருக்கிறது.

எங்கள் சர்ஜன் காலை 7.10க்கு வந்து கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார். காலிக் கோட்டை நிரப்பினார். பொதுவான வரிக்குப் பக்கத்தில் ‘திறந்த ஆபரேஷனுக்கு மாறலாம், பகுதி மட்டும் அகற்றலாம், குழாய் வைக்கலாம்’ என்று எழுதினார். ஃபார்மில் இல்லாத ஒன்றையும் சொன்னார்: “வீட்டுக்குப் போன பிறகு ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் நல்லா இருக்கணும். வலி கூடிட்டே போனா, காய்ச்சல் வந்தா, வயிறு உப்பினா, கண்ணு மஞ்சளா மாறினா, அன்னைக்கே வந்துடுங்க. ‘ஆபரேஷன் வலிதானே’ன்னு இருந்துடாதீங்க.” பித்தநீர்க் கசிவும் நாளக் காயமும் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்வதும் எளிது.

உள்ளே அவர் பயந்த மாதிரியே ஒட்டியிருந்ததாம். துளை வழியாகவே முடித்துவிட்டார், ஆனால் ஒரு குழாய் வைக்க வேண்டியிருந்தது. மதியம் கண் விழித்த அக்கா, போர்வைக்கு அடியில் பக்கவாட்டில் நீளும் குழாயைத் தடவிப் பார்த்தார். “இது மூணாவதா எழுதினதுல்ல?” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்பத் தூங்கிவிட்டார்.